காடாத் துணியில் மடிப்பு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம்: 38 பித்தளைப் படங்களைச் சரிசெய்த கதை

மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடி அறை. பித்தளைச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் ஓர் அக்காவுக்காக நவராத்திரிக்கு முன்னால் 38 படங்கள் எடுத்தேன். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, டபரா செட், தூபக்கால் என்று எல்லாம் பளபளவென்று இருந்தன. பின்னால் தொங்கவிட்டது வெளுக்காத காடாத் துணி, ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கியது. அந்த லேசான சந்தன நிறம் பித்தளைக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் கணக்கு. நிறம் பொருந்தியது. ஆனால் துணியை நான்காக மடித்து பைக் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோனேன், இஸ்திரிப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

படம் எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் மடிப்பு பெரிதாகத் தெரியவில்லை. இரவில் மானிட்டரில் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. துணியின் நடுவே சிலுவை போல இரண்டு மடிப்புக் கோடுகள். அவற்றைச் சுற்றிக் கசங்கல், கீழே துணி வளைந்து மேசைமேல் இறங்கும் இடத்தில் அலை அலையாகத் தொய்வு. இது போதாதென்று படத்தின் இடப்பக்கம் வெள்ளையாகவும் வலப்பக்கம் அழுக்குப் படிந்ததுபோலவும் இருந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் பாதிச் சரக்கு ஏற்கெனவே ஆர்டருக்குப் போய்விட்டது. அக்கா போனில் சொன்னார்: "தம்பி, விளக்கு எல்லாம் அமெரிக்கா கிளம்பிடுச்சு. இருக்கிறத வச்சு எப்படியாவது பண்ணிக் குடுங்க."

எப்படியாவது பண்ண முயன்றதில் முதல் இரண்டு நாள் வீணானது. மூன்றாம் நாள்தான் வழி பிடிபட்டது.

ஏன் இப்படி ஆனது

சாஃப்ட்பாக்ஸ் இடப்பக்கம் இருந்தது. பித்தளையின் வளைவு எடுப்பாகத் தெரிய பக்கவாட்டு வெளிச்சம்தான் வேண்டும், அதனால் அந்த முடிவில் தப்பில்லை. துணிக்கும் அதே சாஃப்ட்பாக்ஸை நம்பினேன், அதுதான் தப்பு. பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெளிச்சம் ஒவ்வொரு மடிப்பின் ஒரு சரிவை வெளுப்பாக்கி மறுசரிவை நிழலாக்கும். சுவரில் பூசிய சிமெண்ட் மட்டமா என்று பார்க்க மேஸ்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பாரே, அதே வேலையை என் சாஃப்ட்பாக்ஸ் துணிக்குச் செய்திருந்தது.

வெளிச்ச வித்தியாசத்துக்குக் காரணம் தூரம். சாஃப்ட்பாக்ஸிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். துணியின் இட ஓரம் சாஃப்ட்பாக்ஸுக்குக் கிட்டத்தில், வல ஓரம் தள்ளி. கலர் பிக்கரால் அளந்தபோது இட ஓரத்தில் 228, வல ஓரத்தில் 171 வந்தது. ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வித்தியாசம். வலப்பக்கச் சுவரில் மஞ்சள் பெயிண்ட், அது துணியின் மேல் பட்டு லேசாக மஞ்சளும் ஏறியிருந்தது.

மூன்றாவது காரணம் இடநெருக்கடி. அறை சின்னது என்பதால் பித்தளை விளக்குக்கும் துணிக்கும் நடுவே 40 செ.மீ.தான் விட முடிந்தது. பித்தளை முழுக்கக் கூர்மையாக வர அப்பர்ச்சர் எஃப் 11-இல் இருந்தது. அதனால் விளக்கோடு சேர்ந்து மடிப்புகளும் துல்லியமாகப் பதிவாகின.

வீணாய்ப்போன இரண்டு நாள்

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். விளக்கை வெட்டி எடுத்து, பின்னால் ஒரே நிறத்தைக் கொட்டினேன். அக்காவுக்கு ஒரு படம் அனுப்பியதும் பதில் வந்தது: "ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கே தம்பி." அவர் சொன்னது சரிதான். பித்தளை கண்ணாடி மாதிரி. அதன் உடம்பில் காடாத் துணியின் வெளுப்பும் சாய்வும் பிரதிபலித்துக்கொண்டிருக்கின்றன. பின்னால் சீரான பிளாஸ்டிக் நிறத்தை வைத்தால் பொருளும் பின்புலமும் வேறு வேறு வீட்டில் எடுத்தவை போல ஆகிவிடும். நூல் இழை தெரியாத துணி துணியாகவே தெரியாது. அடி நிழலும் போய்விட்டதால் விளக்கு காற்றில் மிதந்தது.

அடுத்து, விளக்கைச் சுற்றித் தேர்வு செய்து, துணியை மட்டும் பிளர் செய்தேன். மடிப்பு மங்கியது. ஆனால் விளக்கைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம் வந்துவிட்டது, சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வருமே அதுபோல. தேர்வுக்கு வெளியே மட்டும்தான் மாற்றம் என்றாலும், ஓரத்துத் துணிப் புள்ளிக்குச் சராசரி எடுக்கும்போது பிளர் பக்கத்திலுள்ள பித்தளைப் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்கிறது. பிளர் 60 பிக்சல் என்றால் பித்தளையின் நிறம் அந்த அளவு தூரத்துக்காவது வெளியே கசியும். இது நடந்திருக்கிறதா என்று பார்க்கப் பொருளின் விளிம்பை ஒட்டிய துணியின் நிறத்தையும், ஒரு சாண் தள்ளியுள்ள துணியின் நிறத்தையும் அளந்து ஒப்பிட்டால் போதும். எனக்கு விளிம்பில் நீல எண் மட்டும் 20 புள்ளி வரை குறைந்திருந்தது.

இரண்டு முயற்சியிலும் ஒரே பிசகு. துணியில் இருந்த கோளாறு எல்லாவற்றையும் ஒரே கோளாறாக நினைத்திருக்கிறேன்.

மூன்று அளவு

அந்தத் துணியில் மூன்று விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில். மிகச் சிறியது நூல் இழை. காடாவில் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 20 இழை. நடுத்தரமானது கசங்கலும் மடிப்பும், சில மி.மீ. முதல் மூன்று நான்கு செ.மீ. வரை. மிகப் பெரியது வெளிச்சச் சாய்வு, அது படத்தின் முழு அகலத்துக்கும் நீளும். இழை வேண்டும். வெளிச்சச் சாய்வைச் சமப்படுத்த வேண்டும். நடுவில் உள்ளதை மட்டும் தூக்கி எறிய வேண்டும்.

இந்த அளவுகளைப் பிக்சலாக மாற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. துணி இருக்கும் தூரத்தில் என் படம் 90 செ.மீ. அகலத்தைக் காட்டுகிறது. தளத்தில் ஏற்ற 3000 பிக்சல் அகலம் போதும் என்பதால் படத்தை முதலில் அதற்குச் சுருக்கினேன். அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 33 பிக்சல். இழை ஒன்றரை இரண்டு பிக்சல், கசங்கல் 10 முதல் 30 பிக்சல், தொய்வு அலை 60 முதல் 130 பிக்சல். இந்தக் கணக்கைப் போட்டபிறகு எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளிச்சம்

சாமான் வைப்பதற்கு முன் வெறும் துணியை மட்டும் ஒரு படம் எடுத்துவைப்பது என் பழக்கம். அன்றைக்கும் எடுத்திருந்தேன். கைகொடுத்தது அதுதான். வெறும் துணியின் படம் ஒரு வெளிச்ச வரைபடம் மாதிரி. இட ஓரத்தில் எவ்வளவு, வல ஓரத்தில் எவ்வளவு என்று புள்ளிக்குப் புள்ளி அதில் இருக்கிறது. விளக்குள்ள படத்தை அதால் வகுத்தால் வெளிச்ச வித்தியாசம் அடிபட்டுப்போகும். 171-ஐ 171-ஆல் வகுத்தாலும் 228-ஐ 228-ஆல் வகுத்தாலும் ஒன்றுதானே. மைக்ரோஸ்கோப்பிலும் தொலைநோக்கியிலும் படம் எடுப்பவர்கள் காலகாலமாகச் செய்வதும் இதுதான்.

கிம்ப்பில் வெற்றுப்படத்தை மேல் அடுக்காக வைத்து அதன் மோடை `Divide` ஆக மாற்றினால் முடிந்தது. ஃபோட்டோஷாப்பிலும் அதே பெயரில் இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன். வெளிச்சம் சமமானது. ஆனால் மடிப்புகள் இரட்டித்தன. ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்தில் வெளுப்பும் கறுப்பும் இடம் மாறிய இன்னொரு மடிப்பு, நாணயத்தில் பொறித்ததுபோல எழும்பி நின்றது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஒன்பதாவது படத்துக்கு அப்புறம் கனமான குத்துவிளக்கை நகர்த்தும்போது துணி இழுபட்டது, நான் அதைச் சரிசெய்து மறுபடி கிளிப் மாட்டினேன். வெற்றுப்படத்தில் இருந்த மடிப்பு வேறு, பிறகு வந்த மடிப்பு வேறு. பழைய மடிப்பால் வகுத்தால் அதன் எதிர்ப்பதிவு படத்தில் விழத்தான் செய்யும்.

அதனால் வெற்றுப்படத்தை நன்றாக மங்கலாக்கிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். மடிப்பு இடம் மாறியிருக்கலாம், சாஃப்ட்பாக்ஸ் இடம் மாறவில்லை. பெரிய அளவில் உள்ள செய்தி மட்டும் நம்பத்தக்கது. தொய்வு அலைகள் 130 பிக்சல் வரை இருப்பதால் காஸியன் பிளரை 120-க்கு வைத்தேன். துணியை யாரும் தொடாத முதல் ஒன்பது படங்களுக்கு மங்கலாக்காமலே வகுத்துப் பார்க்க ஆசை வந்தது. மடிப்பும் சேர்ந்தே மறைந்துவிடுமே என்று. ஓரளவு மறைந்தது. ஆனால் விசிறிக் காற்றில் துணி ஒரு மி.மீ. ஆடியிருந்தாலும் இழை பொருந்தாமல் மணல்போலப் பொரிந்தது. விட்டுவிட்டேன்.

38 படத்துக்கும் கையால் செய்யச் சோம்பலாக இருந்ததால் இந்தப் பகுதியை மட்டும் இமேஜ்மேஜிக்கில் ஓட்டினேன். லினக்ஸ் டெர்மினலில் ஒரு படத்துக்கான வரி இது:

```
magick vilakku.tif -evaluate Multiply 0.8 \
  \( blank.tif -blur 0x120 \) \
  -compose Divide_Src -composite samam.tif
```

நடுவிலுள்ள 0.8 எதற்கென்றால், வகுத்தால் துணி முழுக்க 255, அதாவது தூய வெள்ளை ஆகிவிடும். அதைவிடப் பிரகாசமான எதுவும் அப்படியே வெட்டுப்பட்டுப்போகும். முதலிலேயே படத்தை ஐந்தில் நான்காகக் குறைத்துக்கொண்டால் துணி 204-இல் வந்து நிற்கும், மேலே இடமும் மிஞ்சும். இரண்டு படமும் 16 பிட் டிஃப் ஆக, ஒரே ரா அமைப்பில் வெளியே எடுத்தவையாக இருக்க வேண்டும். லென்ஸின் மூலை இருட்டைச் சரிசெய்யும் வசதியை ஒன்றில் போட்டு மற்றதில் போடாமல் விட்டால் மூலைகள் வெளுத்தோ இருண்டோ போகும்.

அளந்து பார்த்தேன். இட ஓரம் 205, நடு 204, வல ஓரம் 202. மஞ்சள் பெயிண்டின் சாயலும் போயிருந்தது, ஏனென்றால் சிவப்பு பச்சை நீலம் மூன்றையும் தனித்தனியே வகுத்திருக்கிறோம். ஆனால் அதே காரணத்தால் காடாவின் சந்தன நிறமும் போய்த் துணி சாம்பலாகிவிட்டது. வெற்றுப்படத்தின் நடுவிலிருந்து நிறத்தை எடுத்து, அதை வெளிறச் செய்து ஓர் அடுக்கில் நிரப்பி `Multiply` மோடில் மேலே வைத்ததும் நிறம் திரும்பி வந்தது. இந்த முறை எல்லா ஓரத்திலும் ஒரே சந்தனம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இப்படி வகுத்ததைத் துணிக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், விளக்கின் மேல் படவே கூடாது. வெற்றுப்படம் சொல்வது துணி தொங்கும் இடத்து வெளிச்சத்தை. விளக்கு அதற்கு 40 செ.மீ. முன்னால், வேறு வெளிச்சத்தில் நிற்கிறது. வகுத்த படத்தில் விளக்கையும் சேர்த்து விட்டால் அதன் வல விளிம்பு தேவையில்லாமல் தூக்கலாகி உருண்டை வடிவம் தட்டையாகிவிடும். ஆகவே விளக்கின் பாத் ஒன்றைப் பென் கருவியால் கவனமாக வரைந்து, மூலப்படத்து விளக்கை மாஸ்க்கோடு மேலே வைத்தேன். மாஸ்க் விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே தள்ளினேன், இல்லாவிட்டால் பழைய துணியின் வெளுப்பு ஒரு நூல்போலச் சுற்றி நிற்கும். குத்துவிளக்குத் தண்டில் வளையம் வளையமாக இருப்பதால் அந்த ஒரு பாத்துக்கே அரைமணி நேரம் ஆனது. குறுக்கு வழி தேடினேன், அகப்படவில்லை.

மடிப்பு

வெளிச்சம் சமமான பிறகுதான் மடிப்பில் கைவைத்தேன். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். சாய்வு இருக்கும்போது ஓரிடத்துத் துணியை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டினால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். சமமான துணியில் எங்கிருந்து எடுத்து எங்கே ஒட்டினாலும் பொருந்தும்.

ஒளிவட்டத்தில் பட்ட அடி நினைவிருந்ததால் முதலில் விளக்கையே அழித்தேன். துணி அடுக்கின் நகல் ஒன்றில், விளக்கும் அதன் நிழலும் இருந்த இடம் முழுவதையும் பக்கத்துத் துணியால் குளோன் செய்து மூடினேன். அழகாக இருக்கத் தேவையில்லை, பித்தளை நிறம் ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தால் போதும். கடைசியில் மேலே உண்மையான விளக்கு வந்து உட்காரப்போகிறது.

அப்புறம் கிம்ப் 2.10-இல் `Filters > Enhance > Wavelet-decompose`. எண்ணிக்கையை ஏழாக வைத்தேன். படம் எட்டு அடுக்காகப் பிரிந்தது. `Scale 1` மிக நுண்ணிய விவரம், `Scale 7` பெரிய அலை, கடைசியில் `Residual` என்று மிச்சம். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிய விவரத்தை வைத்திருக்கும். ஏழாவதில் 128 பிக்சல் வரை வந்துவிடும். நான் போட்ட பிக்சல் கணக்கு இங்கேதான் பயன்பட்டது. இழை முதல் இரண்டு அடுக்கில். மடிப்பும் கசங்கலும் நான்கிலிருந்து ஏழு வரை. அந்த நான்கு அடுக்கின் கண் குறியையும் அணைத்தேன். துணியை யாரோ கல்லில் அடித்துத் துவைத்துத் தேய்த்துப் போட்டதுபோல இருந்தது. இழை அப்படியே இருந்தது. பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

காபி குடித்து வந்து பார்த்தால் சிலுவை மட்டும் போகவில்லை. கசங்கல், தொய்வு எல்லாம் போய்விட்டன, நான்காக மடித்த கோடு மட்டும் பென்சிலால் கீறியதுபோல மெல்லியதாக நின்றது. இதற்கும் காரணம் உண்டு. மென்மையான அலை ஓர் அளவில் மட்டும் இருக்கும். கூர்மையான மடிப்புக்கு அகலமான நிழலும் உண்டு, முனையில் கத்தி விளிம்பும் உண்டு, ஆகவே எல்லா அடுக்கிலும் அதன் பங்கு இருக்கும். நிழலை அணைத்தாயிற்று, விளிம்பு முதல் மூன்று அடுக்குகளில் மிச்சம். இழையும் அங்கேதான் இருப்பதால் அவற்றை அணைக்க முடியாது. எனவே `Scale 2`, `Scale 3` இரண்டிலும் கையால்தான் செய்தேன். குளோன் கருவியை எடுத்து, கோட்டுக்கு இணையாக இரண்டு செ.மீ. தள்ளியுள்ள துணியிலிருந்து எடுத்துக் கோட்டின் மேல் தடவ வேண்டும். செங்குத்துக் கோட்டுக்குப் பக்கவாட்டில் நேராக, கிடைக் கோட்டுக்கு மேலும் கீழும் நேராக. சாய்வாக எடுத்தால் பாவும் ஊடையும் கோணலாகி அந்த இடத்தில் துணி முறுக்கிக்கொண்டதுபோலத் தெரியும். `Scale 1`-ஐத் தொடவில்லை. தொடாதது தெரியவுமில்லை.

மிச்ச அடுக்கில் 128 பிக்சலுக்கு மேலான ஒன்றிரண்டு அகலமான அலைகள் இருந்தன. அந்த அடுக்குக்கு மட்டும் 150 பிக்சல் பிளர் கொடுத்தேன். இழை அதில் இல்லை என்பதால் எவ்வளவு மங்கலாக்கினாலும் துணி பிளாஸ்டிக் ஆகாது. இழை மிஞ்சியிருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முழுக்க வழவழப்பாக்கிய பின்புலத்தை ஜேபெக் ஆக்கினால் மரத்தின் வளையம்போலப் பட்டை பட்டையாகத் தெரியும். நூல் இழையின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அந்தப் பட்டையை உடைத்துவிடுகிறது.

துணி சரியாகிவிட்டதா என்று கண்ணை நம்பவில்லை. `Levels` ஜன்னலில் உள்ளீட்டை 190-க்கும் 215-க்கும் இடையில் நெருக்கிப் பிடித்தேன். 204-ஐச் சுற்றியுள்ள சின்ன வித்தியாசம்கூட அப்போது கறுப்பு வெள்ளையாகப் பெருத்துத் தெரியும். மானிட்டரில் சுத்தமாகத் தெரிந்த படத்தில் இப்படிச் செய்தபோது இடது கீழ் மூலையில் ஓர் அலை பல்லைக் காட்டியது. வாங்குகிறவர்கள் போனில் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைத்துப் பார்ப்பார்கள், இந்த அலை அங்கே அகப்பட்டுவிடும். அதைச் சரிசெய்துவிட்டு `Levels`-ஐ ரத்து செய்தேன்.

நிழல்

விளக்கின் அடி நிழலை என்ன செய்வது என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். நிழலும் ஒரு வெளிச்ச வித்தியாசம்தான், அகலமும் மடிப்புகளின் அகலமே. கணினிக்கு மடிப்பு எது நிழல் எது என்று தெரியாது. அடுக்குகளை அணைத்த படத்தை அப்படியே போட்டால் நிழலும் போய், விளக்கு மறுபடி மிதக்கத் தொடங்கும்.

வகுத்த படத்தில் நிழல் இன்னும் இருக்கிறது. அதைத் துணியின் 204-ஆல் இன்னொரு முறை வகுத்தால் துணி வெள்ளையாகி நிழல் மட்டும் மிஞ்சும். அந்த அடுக்கை `Multiply` மோடில், விளக்கின் அடியைச் சுற்றிய மாஸ்க்கோடு, சுத்தம் செய்த துணியின் மேல் வைத்தேன். நிழலுக்குள் கிடந்த மடிப்பும் கூடவே வந்துவிட்டது. நிழல் அடுக்குக்கு மட்டும் 12 பிக்சல் பிளர் கொடுத்தால் சின்னக் கசங்கல் அடங்குகிறது. அடியை ஒட்டிய கூர்மையான கோடு மங்காமல் இருக்க, விளக்கின் பாதத்தைத் தொடும் அரை செ.மீ. மட்டும் மங்கலாக்காமல் விட்டேன். பொருள் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வது அந்த அரை செ.மீ. கறுப்புதான்.

அடங்காத ஆறு, தொடாத ஒன்று

33-ஆவது படத்திலிருந்து கடைசி ஆறும் கட்டளைக்கு அடங்கவில்லை. வகுத்ததும் வலப்பக்கம் மிகையாக வெளுத்து நீலம் பாரித்தது. கோப்பு நேரத்தைப் பார்த்ததும் புரிந்தது. நாலரை மணிக்குக் கரண்ட் போனது. ஃபிளாஷ் பேட்டரியில் ஓடியதால் வேலை நிற்கவில்லை, ஆனால் விசிறி நின்ற புழுக்கத்தில் வலப்பக்க ஜன்னலைத் திறந்தோம். மேகமூட்டமான வானத்தின் நீலம் உள்ளே வந்துவிட்டது. பகல் இரண்டரை மணிக்கு எடுத்த வெற்றுப்படத்துக்கு அந்த ஜன்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது. வகுத்தபிறகும் ஒரு சாய்வு, அதுவும் எதிர்த்திசையில் மிஞ்சினால், வெற்றுப்படம் எடுத்த வெளிச்சம் வேறு, இந்தப் படத்தின் வெளிச்சம் வேறு என்று பொருள்.

இந்த ஆறுக்கும் வெற்றுப்படத்தை அந்தந்தப் படத்திலிருந்தே செய்துகொண்டேன். விளக்கையும் நிழலையும் துணியால் மூடி, 250 பிக்சல் பிளர் கொடுத்து, அதால் வகுத்தேன். நிழலை மூட மறந்தால் அது வெளிச்சக் குறைவாகக் கணக்காகி, வகுக்கும்போது நிழல் வெளுத்துவிடும். ஒரு படத்தில் மறந்தேன், தூபக்கால் அந்தரத்தில் நின்றது. மூடிய துணி உத்தேசமாகப் போட்டதுதான் என்பதால், பொருள் படத்தில் பாதிக்கு மேல் அடைத்திருந்தால் இந்த வழி ஏமாற்றும். பெரிய தாம்பாளம் ஒன்றில் அப்படித்தான் ஆனது. தட்டைச் சுற்றி மூன்று விரல்கடைத் துணிதான் தெரிந்தது, அதை வைத்து நடுவின் வெளிச்சத்தை ஊகிக்க முடியவில்லை. அந்தப் படத்தில் நான்கு மூலைகளிலும் நிறத்தை அளந்து கையால் ஒரு கிரேடியண்ட் போட்டுத் தேற்றினேன். சுமார்தான்.

டபரா செட்டில் இன்னொன்று இருந்தது. பின்னால் துணி வழவழவென்று ஆகிவிட்டது, ஆனால் டம்ளரின் வயிற்றில் முன்பக்கத்துத் துணி பிரதிபலித்து, அதில் பழைய மடிப்புகள் மெலிந்து வளைந்து தெரிந்தன. உருளையான பித்தளையில் அவை மயிரிழைகளாகச் சுருங்கிவிடுவதால் அளவைக் கொண்டு பிரிக்க வழியில்லை, பித்தளையில் கடைசல் கோடும் அதே அகலம்தான். டபராவின் விளிம்பில் விழுந்த கறுப்புக் கோடு ஒன்றை மட்டும் கையால் எடுத்துவிட்டு மற்றதை விட்டேன். உலோகத்தில் ஏதாவது தெரியத்தான் வேண்டும், எதுவுமே தெரியாத டம்ளர் கம்ப்யூட்டரில் வரைந்ததுபோல இருக்கும். அக்கா அதைப் பார்க்கவேயில்லை. அவர் கேட்டது வேறு: "தம்பி, இந்தக் காடாத் துணி எங்க வாங்கினீங்க? கடைக்கு மேசை விரிப்பா போடலாம் போலிருக்கே."

முதல் படத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு பாத் வரைவதையும் சேர்த்து ஒன்றுக்குச் சராசரியாக 20 நிமிடம். 38 படத்துக்கும் சேர்த்து நான்கு இரவு போனது. அங்கேயே பத்து நிமிடம் இஸ்திரி போட்டிருந்தால் இதில் மூன்று இரவு மிஞ்சியிருக்கும்.

இப்போது அந்தக் காடாவை மடிப்பதில்லை. ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குலப் பிவிசி பைப் ஒன்றை துணியின் அகலத்துக்கு வெட்டி வாங்கி, அதில் சுற்றி வைத்திருக்கிறேன். தொங்கவிட்டதும் தண்ணீர் லேசாகத் தெளித்து, கீழ் ஓரத்தைக் கிளிப் போட்டு இழுத்துவைத்தால் காய்வதற்குள் பெரும்பாலான கசங்கல் இறங்கிவிடுகிறது. இடம் கிடைத்தால் பொருளை ஒரு மீட்டராவது முன்னால் நகர்த்துகிறேன், வலப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை நிற்கிறது. வெற்றுப்படத்தை முதலில் ஒன்று, துணியைத் தொடும்போதெல்லாம் ஒன்று, ஜன்னலைத் திறந்தால் ஒன்று என்று எடுக்கிறேன். பைக்கில் பைப்பை நெடுக்காகக் கட்டிக்கொண்டு லஸ் முனையில் திரும்பும்போது டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி "என்னய்யா இது, ராக்கெட்டா?" என்று கேட்டார். பிரித்துக் காட்டச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அன்று காலைதான் இஸ்திரி போட்டுச் சுற்றியிருந்தேன்.